மின்மினிப் புள்ளியை அடக்குவது

வீடியோ கேமில் இரவுச் சாலை. பைக்கின் குரோம் கைப்பிடியில் ஒரே ஒரு பிக்சல் பளிச்சிடுகிறது. கேமரா சற்று நகர்ந்தால் அடுத்த ஃப்ரேமில் அது இல்லை; பிறகு மீண்டும் வருகிறது. புளூம் இந்தச் சிறு துடிப்பைப் பெரிய ஒளிப்பந்தாக ஊதிவிடும். திரையே கண் சிமிட்டுவது போலிருக்கும்.

காரணம் சராசரியில் இருக்கிறது. வரம்பைக் கழித்தபின் நான்கு பிக்சல்களில் ஒன்று 99, மற்றவை 0 என்று கொள்வோம். படத்தைப் பாதியாகச் சுருக்கும்போது சாதாரணச் சராசரி ஏறக்குறைய 25. அடுத்தடுத்த மங்கலாக்கங்கள் அதைப் பரப்புகின்றன. வரம்பை உயர்த்திப் பயனில்லை. 99 அதையும் தாண்டும்.

பிரையன் காரிஸ் சொன்ன வழி எளிது: ஒவ்வொரு பிக்சலுக்கும் அதன் ஒளிர்வைக் கொண்டு எடை போடுங்கள்.

```
w = 1 / (1 + luma)
```

99-க்கு எடை 0.01, இருண்டவற்றுக்கு 1. எடைகளின் கூட்டுத்தொகையால் வகுத்தால் விடை 0.33. துடிப்பு அடங்கிவிடும்.

இதற்கு விலையும் உண்டு. தூரத்துத் தெருவிளக்கு போன்ற நியாயமான சிறு ஒளியும் மங்கும். அதனால் முதல் சுருக்கத்தில் மட்டும் எடை போடுங்கள். மற்ற படிகளில் சாதாரணச் சராசரியே போதும்.

சோதிக்க, கேமராவை மெதுவாக நகர்த்திப் பாருங்கள். நின்ற படத்தில் இந்தக் குறை தெரியாது.