மின்னஞ்சலுக்கு ஒரு தனிப் பாஸ்வேர்டு

ஒரே பாஸ்வேர்டைப் பல இடங்களில் வைத்திருப்பது, எளிதான பாஸ்வேர்டு வைத்திருப்பதைவிடப் பெரிய ஆபத்து. எப்போதோ ஒரு முறை துணி வாங்கிய இணையதளத்திலிருந்து வாடிக்கையாளர் விவரங்கள் திருடு போகலாம். அதில் இருக்கும் மின்னஞ்சல் முகவரியும் பாஸ்வேர்டும் ஜோடி ஜோடியாகப் பட்டியலாகி விலைக்கு வருகின்றன. வாங்குகிறவர்கள் அந்த ஜோடிகளை மென்பொருளிடம் கொடுத்து, மற்ற தளங்களில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறார்கள். இதற்கு கிரெடன்ஷியல் ஸ்டஃபிங் என்று பெயர். இங்கே யாரும் பாஸ்வேர்டை ஊகிக்க வேண்டியதில்லை. சரியான பாஸ்வேர்டே கையில் இருக்கிறது.

2023இல் அமெரிக்காவின் மரபணுப் பரிசோதனை நிறுவனமான 23அண்ட்மீயில் நடந்தது இதுதான். வேறு தளங்களில் கசிந்த பாஸ்வேர்டுகளைப் போட்டுப் பார்த்தே சுமார் 14,000 கணக்குகளுக்குள் திருடர்கள் நுழைந்தார்கள். வாடிக்கையாளர்கள் தங்கள் மரபணு உறவினர்களைக் கண்டுபிடிக்கும் வசதி அந்தத் தளத்தில் இருந்தது. அதன் வழியாக ஏறத்தாழ 69 லட்சம் பேரின் விவரங்கள் வெளியே போயின. அவர்களில் மிகப் பெரும்பாலோரின் கணக்குகளுக்குள் யாரும் நுழையவே இல்லை. உறவினர் ஒருவரின் பழைய பாஸ்வேர்டு அவர்களையும் சேர்த்துக் காட்டிக் கொடுத்துவிட்டது.

பலர் `Selvi1985` என்ற ஒன்றையே `Selvi1985fb`, `Selvi1985bank` என்று வால் மாற்றி வைத்துக்கொள்கிறார்கள். ஒன்று வெளியே வந்தால் மற்றவற்றை ஊகிப்பது எளிது. இப்படிப்பட்ட மாற்றங்களையும் அந்த மென்பொருள்களால் சோதித்துப் பார்க்க முடியும்.

ஐம்பது தளங்களுக்கு ஐம்பது வேறு பாஸ்வேர்டுகளை நினைவில் வைக்க யாராலும் முடியாது. அந்த வேலையைச் செய்வதுதான் பாஸ்வேர்டு மேனேஜர். ஆண்ட்ராய்டு போனில் கூகுளின் மேனேஜர் ஏற்கெனவே இருக்கிறது. குரோமில் மூன்று புள்ளிகளைத் தொட்டு, Settings போய், Google Password Manager என்பதைத் திறக்கலாம். புதிய கணக்கு தொடங்கும்போது அதுவே நீளமான, அர்த்தமில்லாத பாஸ்வேர்டு ஒன்றை உருவாக்கித் தந்து, சேமித்து, அடுத்த முறை தானாக நிரப்பும். அதில் Checkup என்ற பகுதி, கசிந்தவை எவை, ஒரே பாஸ்வேர்டைப் பகிர்ந்துகொள்ளும் கணக்குகள் எவை என்று பிரித்துக் காட்டும்.

இன்னொரு பயனும் உண்டு, அதிகம் பேசப்படாதது. மேனேஜர் தளத்தின் முகவரியைப் பார்த்துத்தான் நிரப்புகிறது, தோற்றத்தைப் பார்த்தல்ல. வங்கித் தளம் போலவே இருக்கும் பக்கத்தில் வழக்கமாக நிரம்பும் பாஸ்வேர்டு நிரம்பவில்லை என்றால், கையால் தட்டச்சு செய்யாமல் நிறுத்தி முகவரியைப் பார்க்க வேண்டும். போலிப் பக்கத்தின் அடையாளமாக அது இருக்கலாம். ஆனால், போனில் வந்த ஓடிபியைக் கேட்பவரிடம் சொல்லிவிட்டால் எந்த மேனேஜராலும் காப்பாற்ற முடியாது. திரைப்பூட்டு இல்லாத போனிலும் இதைப் பயன்படுத்தக் கூடாது.

முதலில் மாற்ற வேண்டியது மின்னஞ்சலின் பாஸ்வேர்டு. வங்கிக் கணக்குக்குக்கூட அடுத்த இடம்தான். காரணம், Forgot password என்று அழுத்தினால் பெரும்பாலான தளங்கள் புதுப் பாஸ்வேர்டுக்கான இணைப்பை மின்னஞ்சலுக்குத்தான் அனுப்புகின்றன. மின்னஞ்சல் கைமாறினால் மற்றவையும் பின்னாலேயே போகும்.

ஜிமெயில் என்றால் `myaccount.google.com` திறந்து, பாதுகாப்புப் பகுதியில் Password என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கூகுள் மேனேஜருக்குள் நுழையவும் இதே பாஸ்வேர்டுதான் வேண்டும் என்பதால், இதை மட்டும் மனிதர் நினைவில் வைத்தாக வேண்டும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கைந்து சொற்கள் போதும்: `kudai-murungai-rayil-panju-thavalai` போல. அச்சில் வந்துவிட்டதால் இதையே எடுத்துக்கொள்ளக் கூடாது. சொற்களை மனதிலிருந்து எடுத்தால் பிள்ளை பெயரும் ஊர்ப் பெயரும்தான் வரும். ஒரு புத்தகத்தைக் கண்ட இடத்தில் திறந்து, விரல் பட்ட சொல்லை எடுப்பது மேல். அதைத் தாளில் எழுதி வீட்டுப் பத்திரங்களோடு வைப்பதில் தவறில்லை. தூரத்திலிருந்து திருடுபவர் பீரோவைத் திறக்க முடியாது.

மாற்றியதும் வேறு போன்கள், கணினிகள் பலவற்றில் கணக்கு தானாக வெளியேறிவிடும். இது கோளாறு அல்ல. சொந்தக் கருவிகளில் மட்டும் மீண்டும் நுழைந்தால் போதும். அதே பகுதியில் 2-Step Verification என்பதையும் இயக்கிவிட்டால், பாஸ்வேர்டு தெரிந்தவர்கூட அதை வைத்து மட்டும் நுழைய முடியாது. கணக்கை மீட்பதற்காகக் கொடுத்த கைபேசி எண் இப்போதும் பயன்பாட்டில் இருக்கிறதா என்று பார்ப்பதும் அவசியம். கைவிட்ட எண்ணைத் தொலைபேசி நிறுவனங்கள் சில மாதங்கள் கழித்து வேறொருவருக்கு வழங்கிவிடுகின்றன.