முறுக்கு ஏன் மஞ்சளில் மறைந்தது? பொருளுக்கேற்ற பின்னணி வண்ணத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி

கடந்த தீபாவளிக்கு முன்பு, ஜெலுத்தோங்கில் இருக்கும் என் சித்தி வீட்டில் முறுக்கு சுட்டு விற்றார். புலனக் குழுக்களில் போடுவதற்குப் படம் எடுத்துத் தரும் வேலை என்னுடையது. பண்டிகைக்கு மங்களகரமாக இருக்கட்டும் என்று மஞ்சள் துணியை விரித்து, அதன்மேல் முறுக்குகளை அடுக்கிப் படம் எடுத்தேன். படத்தைப் பார்த்த சித்தி, "என்னம்மா, துணியை விக்கிறோமா முறுக்கை விக்கிறோமா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. கைப்பேசியின் சிறிய திரையில் முறுக்கும் துணியும் ஒன்றோடொன்று கலந்துபோயிருந்தன.

என்ன நடந்தது என்று அறிய, படத்தைத் திருத்தும் செயலியில் உள்ள நிறம் அளக்கும் கருவியைப் பயன்படுத்தினேன். முறுக்கின் நிறம் `#C68A3C`, துணியின் நிறம் `#E0A030` என்று காட்டியது. திரையில் காணும் வண்ண வட்டத்தில் சிவப்பு 0 பாகையிலும், மஞ்சள் 60 பாகையிலும், நீலம் 240 பாகையிலும் இருக்கும். அந்த வட்டத்தில் முறுக்கு 34 பாகையில் இருந்தது. துணி 38 பாகையில். நாம் பழுப்பு என்று சொல்லும் முறுக்கின் நிறம் உண்மையில் அடர்ந்த ஆரஞ்சுதான். நான் மஞ்சள் என்று நினைத்து வாங்கிய துணியும் ஆரஞ்சுக்குப் பக்கத்து நிறமே. இரண்டுக்கும் இடையே 4 பாகைதான் இடைவெளி.

வண்ணப் பொருத்தத்தில் ஓர் எளிய விதி உண்டு. வட்டத்தில் நேர் எதிரே இருக்கும் நிறம், ஒரு பொருளை நன்றாக எடுத்துக்காட்டும். 34 உடன் 180ஐக் கூட்டினால் 214. அது நீலம். ஓவியர்கள் பயன்படுத்தும் வண்ணச் சக்கரம் திரையின் வட்டத்திலிருந்து சற்று வேறுபட்டது. ஆனாலும், ஆரஞ்சுக்கு எதிரே நீலம் என்பதை இரண்டுமே ஒப்புக்கொள்கின்றன.

இந்த எதிர்நிற ஈர்ப்பை முறையாக ஆராய்ந்தவர் மிஷேல் யூஜீன் செவ்ரூல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். அவர் 1824இல் பாரிசின் கோபெலின் திரைச்சீலை ஆலையில் சாயப் பிரிவின் பொறுப்பாளரானார். நீல, ஊதா நூல்களுக்கு அருகே வரும் கறுப்பு நூல் வலுவற்றுத் தெரிகிறது என்று அங்கே புகார் எழுந்தது. அவர் அந்தக் கறுப்பை மற்ற ஆலைகளின் கறுப்போடு ஒப்பிட்டுப் பார்த்தார். சாயத்தில் குறையில்லை, பக்கத்து நிறம்தான் கண்ணை ஏமாற்றியது. அருகருகே வைக்கும் இரு நிறங்களில் ஒவ்வொன்றும் மற்றொன்றைத் தன் எதிர்நிறத்தை நோக்கித் தள்ளும் என்பதை அவர் 1839இல் நூலாக வெளியிட்டார். நீலத்தின்மேல் வைத்த முறுக்கு, இருப்பதைவிடச் சற்றுக் கூடுதலான பொன்னிறத்தில் தெரிவதற்கு இதுவே காரணம். நம் ஜார்ச்டவுனில் லெய்த் தெருவின் நீல மாளிகைக்கு முன்னால் ஆரஞ்சுச் சேலை கட்டி நிற்பவர், படத்தில் பளிச்சென்று தெரிவதும் இதனால்தான்.

ஆகவே, லிட்டில் இந்தியாவுக்குச் சென்று ஒரு துண்டு வான்நீலத் துணி வாங்கி வந்தேன். முறுக்கு மஞ்சளில் தெரிந்ததைவிட நன்றாகத் தெரிந்தது. ஆனால், ஏதோ குறைந்தது. முறுக்கின் முள்ளும் சுற்றும் கூர்மையாக இல்லை. ஓரங்கள் கண்ணில் அலைந்தன. காரணம் புரியாமல், படத்தைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிப் பார்த்தேன். முறுக்கு காணாமல் போய்விட்டது! துணியும் முறுக்கும் ஒரே சாம்பல் நிறம்.

நான் தவறவிட்டது இதைத்தான். ஒரு நிறத்துக்கு அதன் பெயர் மட்டுமல்ல, வெளிச்ச அளவும் உண்டு. நுண்ணிய கோடுகளையும் ஓரங்களையும் நம் கண் பெரும்பாலும் வெளிச்ச வேறுபாட்டைக் கொண்டே பிரித்தறிகிறது. நிறம் எவ்வளவு எதிராக இருந்தாலும், வெளிச்சம் சமமாக இருந்தால் உருவம் தெளிவாக நிற்காது.

இந்த வேறுபாட்டைக் கணக்கிடலாம். இணையப் பக்கங்களில் எழுத்து தெளிவாகத் தெரிகிறதா என்று சோதிக்கும் சூத்திரம் இது:

```
(L1 + 0.05) / (L2 + 0.05)
```

L1 வெளிச்சம் கூடிய நிறத்தின் அளவு. L2 குறைந்த நிறத்தின் அளவு. கறுப்புக்கு அது 0, வெள்ளைக்கு 1. நிறக் குறியீடுகளைக் கொடுத்தால் விடையைச் சொல்லும் இலவசக் கருவிகள் இணையத்தில் உள்ளன. விடை 1 என்றால் வேறுபாடே இல்லை. வெள்ளைக்கும் கறுப்புக்கும் 21. படக்குறிகளுக்குக் குறைந்தது 3 வேண்டும் என்பது அந்த நெறிமுறை. அது புகைப்படங்களுக்காக எழுதப்பட்டதன்று. ஆயினும், நமக்கு நல்ல அளவுகோல்.

முறுக்கின் L 0.305. மஞ்சள் துணியோடு ஒப்பிட்டால் விடை 1.3. வான்நீலத் துணியோடு (`#4A9BE0`) வெறும் 1.01. அடுத்து, சித்தியின் அலமாரியில் கிடந்த ஒரு பழைய கருநீலத் துணியை அளந்தேன். அதன் நிறம் `#1F3A5F`. வட்டத்தில் சரியாக 214 பாகையை ஒட்டியது. விடை 3.9 வந்தது. எதிர்நிறமும் வெளிச்ச வேறுபாடும் ஒரே துணியில் கிடைத்தன. துணியின் நிறம் மங்கலாக இருந்ததும் நன்மையே. பளீரென்ற நீலமாக இருந்தால் பார்ப்பவரின் கண் துணியிலேயே நின்றிருக்கும்.

வெள்ளைப் பின்னணி போதாதா என்று நீங்கள் கேட்கலாம். கணக்குப்படி அதற்கும் ஏறக்குறைய 3 வருகிறது. பல கடைகள் அதையே பயன்படுத்துகின்றன. ஆனால், வெள்ளை முறுக்கின் பொன்னிறத்தைத் தூக்கிக் காட்டுவதில்லை. எதிர்நிறம்தான் வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கரும்பழுப்பு மரப்பலகை முறுக்குக்கு உறவு நிறம்தான். நன்றாக இருண்டிருந்தால் அதுவும் எடுபடும், வீட்டுப் பலகாரம் என்ற உணர்வையும் தரும். உறவு நிறத்தைத் தேர்ந்தால், வெளிச்ச வேறுபாடு இன்னும் முக்கியமாகிறது.

சரியான துணி கிடைத்தும் முதல் படம் கெட்டது. கைப்பேசி, காட்சி முழுவதையும் நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவர முயலும். கருநீலம் பெரும்பகுதியை நிரப்பியதால் அது வெளிச்சத்தைக் கூட்டியது. முறுக்கு வெளுத்தது, துணியும் வெளிர்நீலமானது. திரையில் முறுக்கின்மேல் விரலை அழுத்திப் பிடித்து அளவை நிலைநிறுத்தி, வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்ததும் சரியானது. வெள்ளைப் பின்னணியில் இதற்கு நேர்மாறாக நடக்கும். பொருள் கறுத்துப்போகும், எனவே வெளிச்சத்தைக் கூட்ட வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள்: முறுக்கைத் தட்டில் வைத்தால், தட்டுதான் அதன் பின்னணி. துணியைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்துவிட்டு, ஆரஞ்சுத் தட்டில் வைத்தால் பயனில்லை. போத்தலின் சிவப்பு மூடியும் கண்ணை இழுக்கும் என்பதால், நான் முறுக்கை வெளியே எடுத்துத் துணியிலேயே அடுக்கினேன்.

உங்கள் கல்லூரி விற்பனை நாளுக்கோ வீட்டுத் தொழிலுக்கோ படம் எடுக்கும்போது, முதலில் பொருளின் நிறத்தை அளந்து அதன் எதிர்நிறத்தைக் கண்டுபிடியுங்கள். பிறகு படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, கையை நீட்டித் தள்ளிவைத்துப் பாருங்கள். பொருள் அப்போதும் தனியாகத் தெரிந்தால் பின்னணி சரி. தெரியவில்லையென்றால், துணியின் நிறத்தை மாற்றாமல், அதே நிறத்தில் அடர்த்தியானதையோ வெளிர்ந்ததையோ தேடுங்கள்.

கருநீலப் படத்தைச் சித்தியிடம் காட்டினேன். "இப்பதான் முறுக்கு முறுக்கா தெரியுது," என்றார்.