ரோபோ கை எங்கே வளைந்து கொடுக்க வேண்டும்?

10 மி.மீ. விட்டமுள்ள எஃகு முளை ஒன்று. அதை இறக்க வேண்டிய துளையின் விட்டம் 10.02 மி.மீ. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு தலைமுடியின் பருமனில் பாதிகூட இல்லை. பழகிய ஃபிட்டர் இந்த வேலையைப் பேசிக்கொண்டே முடித்துவிடுவார். ஆனால் ரோபோ கைக்கு இது பெரிய சோதனை.

சொன்ன இடத்துக்குத் துல்லியமாகப் போவதில் ரோபோவை மிஞ்ச ஆளில்லை. சிக்கல், துளை சொன்ன இடத்தில் இருக்கிறதா என்பதுதான். துளையுள்ள பாகம் 0.2 மி.மீ. தள்ளி உட்கார்ந்திருக்கலாம். இலக்கை மட்டுமே அறிந்த கை அதைப் பொருட்படுத்தாமல் அழுத்தும். ஒரு மி.மீ. விலக 200 நியூட்டன் கேட்கும் விறைப்பான கை என்றால், இந்தச் சிறு பிசகுக்கே 40 நியூட்டன், அதாவது சுமார் நாலு கிலோ எடை, பக்கவாட்டில் துளையின் சுவர் மேல் விழும். முளை சிராய்க்கும், இல்லையென்றால் துளையின் விளிம்பு நசுங்கும்.

அப்படியானால் கையை நெகிழ்வாக்கிவிட்டால் போதாதா? போதாது. நெகிழ்வு மணிக்கட்டில் இருந்தால், துளையின் விளிம்பு முளையின் நுனியைப் பக்கவாட்டில் தள்ளும்போது முளை நகர்வதோடு நிற்காமல் சாய்ந்தும்விடும். சாய்வுதான் இங்கே உண்மையான எதிரி.

சாய்ந்த முளை உள்ளே இறங்கும்போது இரண்டு இடங்களில் தொடுகிறது: மேலே துளையின் விளிம்பில் ஒரு பக்கம், கீழே முளையின் நுனியில் எதிர்ப்பக்கம். இந்த இரட்டைத் தொடுகை எந்த ஆழத்தில் நேர்கிறது என்பதைப் பொறுத்தே எல்லாம். முளையின் விட்டத்தை உராய்வுக் கெழுவால் பெருக்கினால் வரும் ஆழத்துக்கு மேலேயே அது நேர்ந்தால், இரு தொடுபுள்ளிகளும் ஒன்றையொன்று நேருக்கு நேர் அழுத்திப் பூட்டிக்கொள்ள முடியும். எண்ணெய் பூசாத எஃகுக்கு உராய்வுக் கெழுவை 0.2 என்று வைத்தால் அந்த ஆழம் 2 மி.மீ. நம் முளை 0.6 டிகிரி சாய்ந்தாலே, முதல் 2 மி.மீ.க்குள் இரட்டைத் தொடுகை வந்துவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு தள்ளினாலும் ஆப்பு வைத்தது போல இன்னும் இறுகுமே தவிர இறங்காது.

இதற்கு 1970களில் அமெரிக்காவின் டிரேப்பர் ஆய்வகத்தில் ஒரு அழகான தீர்வு பிறந்தது. டேனியல் விட்னி உள்ளிட்ட பொறியாளர்கள் அங்கே இந்தச் சிக்கலைக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். மணிக்கட்டுக்கும் பிடிப்பானுக்கும் நடுவில், ரப்பரையும் உலோகத் தகட்டையும் அடுக்கிச் செய்த துண்டுகளைச் சற்றுச் சாய்வாகப் பொருத்தினால், நெகிழ்வின் மையம் கருவிக்கு வெளியே, முளையின் நுனிக்கே போய்விடுகிறது. இப்போது நுனியை விளிம்பு தள்ளினால் முளை சாயாமல் அப்படியே நகரும். சாய்ந்திருந்தால், துளை கொடுக்கும் திருகல் அதை நுனியைச் சுற்றி நிமிர்த்திவிடும். உணரியோ கணினியோ தேவையில்லை. ஆனால் மையம் ஒரே தூரத்தில்தான் இருக்கும். நீளமான முளைக்கு மாறினால் கருவியையும் மாற்ற வேண்டும்.

அதே குணத்தை மென்பொருளால் உண்டாக்கும் வழி, எம்.ஐ.டி.யின் நெவில் ஹோகன் 1985இல் முறைப்படுத்திய மறிப்புக் கட்டுப்பாடு. விசைகளை மணிக்கட்டு உணரியோ மூட்டுகளில் உள்ள உணரிகளோ அளக்க, இலக்குக்கும் முளைக்கும் நடுவில் ஒரு வில்சுருள் இருப்பதாகப் பாவித்துக் கை நடந்துகொள்கிறது. சுருளின் விறைப்பும் அதன் மையமும் வெறும் எண்கள்தான், வேண்டியபடி மாற்றலாம்.

அந்த எண்ணைத் தேர்ந்தெடுப்பதில்தான் சூட்சுமம். துளையைத் தேடும்போது கை 5 நியூட்டன் அழுத்தத்தோடு முளையைச் சுருள் வட்டமாக உரசிச் செல்கிறது. அப்போது உராய்வு 1 நியூட்டன். பக்கவாட்டு விறைப்பை மி.மீ.க்கு 0.5 நியூட்டன் என்று மிக மென்மையாக வைத்தால் முளை இலக்கைவிட 2 மி.மீ. பின்தங்கும், சின்ன வட்டங்களில் நகரவே நகராது. 5 நியூட்டன் என்று வைத்தால் பின்தங்கல் 0.2 மி.மீ. மட்டுமே. அதற்காக மிகவும் விறைப்பாக வைத்தால் எஃகு மேல் எஃகு பட்டதும் கை டகடகவென்று துள்ளத் தொடங்கும்.

கோளாறைக் கண்டுபிடிக்க இரண்டு எண்களைச் சேர்த்துப் பார்த்தால் போதும்: அழுத்தும் விசை, இறங்கிய ஆழம். விசை ஏறுகிறது, ஆழம் நின்றுவிட்டது என்றால் சிக்கிவிட்டது. 2 மி.மீ.யைத் தாண்டி நன்றாக உள்ளே போன பிறகு சிக்கினால், பெரும்பாலும் தள்ளும் திசைதான் பிசகு. பக்கவாட்டு விசையையும் திருகலையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தால் மறுபடி இறங்கும். அதற்கு முன்பே சிக்கினால் ஆப்பாக இறுகியிருக்கும் வாய்ப்பே அதிகம். அங்கே கூடுதலாகத் தள்ளுவது வீண். வெளியே இழுத்து, நிமிர்த்தி, முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.