தறிக் குடோனில் மாடு கட்டலாமா? முதலில் கிராஃப் பேப்பரில் கட்டிப் பாருங்கள்!

பல்லடம், மங்கலம், அவிநாசி பக்கம் விசைத்தறிகளை எடைக்குப் போட்ட குடும்பங்கள் பல உண்டு. தறி போய்விட்டாலும் குடோன் அப்படியே நிற்கிறது. சுவர், கூரை, சிமென்ட் தரை, மின்சாரம் எல்லாம் தயாராக இருப்பதைப் பார்த்ததும், ‘இதிலேயே மாடு கட்டிவிடலாமே’ என்ற யோசனை வருகிறது. ஊத்துக்குளி வெண்ணெய்க்குப் பெயர் வாங்கிய மாவட்டத்தில் பால் மாடு வளர்க்க நினைப்பதில் தவறில்லை. ஆனால் குடோன் தறிக்காகக் கட்டியது. அதில் எத்தனை மாடு நிற்கும், தீவனத் தொட்டி எங்கே வரும், கழிவுநீர் எந்தப் பக்கம் ஓடும் என்று தெரிவதற்கு முன்பே மாட்டுக்கும் ரப்பர் மேட்டுக்கும் தட்டு வெட்டும் மிஷினுக்கும் முன்பணம் கொடுத்துவிட்டால், பிறகு சிக்கல்தான்.

திருப்பூரில் எந்த கட்டிங் மாஸ்டரும் துணியை நேராக வெட்டமாட்டார். அட்டையில் பேட்டர்ன் வெட்டி, துணியின் அகலத்துக்குள் அடுக்கிப் பார்த்த பிறகே கத்தியை எடுப்பார். கொட்டகைக்கும் அதே வழிதான். பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் கிராஃப் பேப்பர் நாலைந்து, ஒரு ஸ்கேல், பென்சில், பழைய கல்யாணப் பத்திரிகை, கத்தரிக்கோல் ஆகியவை போதும்.

உள் அளவே கணக்கு

அளவெடுக்கும்போது சுவரின் வெளிப்பக்கத்தை அளக்கக் கூடாது. 9 அங்குலச் சுவர் என்றால் இரண்டு பக்கமும் சேர்ந்து ஒன்றரை அடி போய்விடும். உள்ளே நின்று நீளம், அகலம், வாசலின் அகலம், மூலையிலிருந்து வாசல் எத்தனை அடி தள்ளி இருக்கிறது, தூண் இருந்தால் அதன் இடம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். கடைசியாக ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு, குறுக்காக இரண்டு முறை அளக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் அறை சதுரப்பிடிப்பாக இருக்கிறது. வித்தியாசம் இருந்தால் ஒரு சுவர் சாய்ந்து ஓடுகிறது என்று பொருள். அப்போது இரு முனைகளிலும் அகலத்தை அளந்து, குறைந்த அகலத்தைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

உதாரணத்துக்கு, உள் அளவு 30 அடி நீளம், 18 அடி அகலம் உள்ள ஒரு குடோனை எடுத்துக்கொள்வோம். குறுக்களவு இரண்டும் சுமார் 35 அடி வரும். கிழக்குச் சுவரின் நடுவில் 4 அடி வாசல். ஒரு சென்டிமீட்டருக்கு 2 அடி என்று வைத்தால், 15 செ.மீ. நீளமும் 9 செ.மீ. அகலமும் உள்ள கட்டமாக ஒரே தாளில் அடங்கிவிடும். அரை செ.மீ. என்றால் ஒரு அடி. இந்த அளவுகோலைத் தாளின் மூலையில் எழுதிவைப்பது அவசியம். இல்லாவிட்டால் அடுத்த வாரம் எடுத்துப் பார்க்கும்போது குழப்பம் வரும்.

12 மாடு நிற்குமா?

வீட்டில் 12 கலப்பின மாடு வாங்கலாம் என்று பேச்சு. இரண்டு வரிசை, வரிசைக்கு ஆறு. இனி பத்திரிகை அட்டையில் மாடுகளை வெட்ட வேண்டும். ஒரு கலப்பினப் பசு நிற்க 4 அடி அகலமும் ஐந்தரை அடி நீளமும் வேண்டும். தாளில் அது 2 செ.மீ.க்கு இரண்டே முக்கால் செ.மீ. துண்டு. அதேபோல சுவருடன் சேர்த்து இரண்டேகால் அடி தீவனத் தொட்டிக்கு ஒரு பட்டை, ஒரு அடி கழிவு வாய்க்காலுக்கு ஒரு பட்டை.

மாடுகள் சுவரைப் பார்த்து, வால்கள் நடுவில் வரும்படி அடுக்கிப் பார்ப்போம். இரண்டு தொட்டிக்கு நாலரை அடி, இரண்டு வரிசை மாட்டுக்கு 11 அடி, இரண்டு வாய்க்காலுக்கு 2 அடி, நடுவில் சாணம் அள்ளவும் பால் கறக்கவும் 4 அடி நடைபாதை. மொத்தம் இருபத்தொன்றரை அடி. அறையின் அகலமோ 18 அடி. துண்டுகள் கட்டத்துக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். மாடுகளை நேருக்கு நேர் திருப்பி, நடுவில் தீவன நடைபாதை விட்டாலும் அதே இருபத்தொன்றரை அடிதான். அதிலும் மாட்டின் பின்னால் நடக்க இடமே இல்லை.

‘மூன்றரை அடிதானே, அங்கே இங்கே குறைத்துக்கொள்ளலாம்’ என்று தோன்றும். மாடு நிற்கும் நீளத்தைக் குறைத்தால் பின்னங்கால் எப்போதும் வாய்க்காலில் இருக்கும். குளம்பு ஊறிப் புண்ணாகும். நீளம் தேவைக்கு மேல் போனாலும் கெடுதல்தான். சாணம் வாய்க்காலில் விழாமல் மாடு படுக்கும் இடத்தில் விழும், மடி அழுக்காகி மடிநோய்க்கு வழிவிடும். சொந்தக் கட்டுத்தரையில் இதை எளிதாகக் கண்டுபிடிக்கலாம். காலையில் பின்னங்கால் குளம்பு ஈரமாக இருந்தால் நீளம் போதவில்லை. தொடையும் மடியும் சாணம் அப்பியிருந்தால் நீளம் அதிகம். எனவே வாங்கப்போகும் மாட்டின் உடல் அளவை ஒட்டியே இந்த ஐந்தரை அடியைச் சற்றுக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். இடம் பற்றவில்லை என்பதற்காக அதில் கை வைக்கக் கூடாது.

ஆக, ஒரே வரிசைதான். வடக்குச் சுவரை ஒட்டி மூன்றரை அடி தீவன நடைபாதை, அடுத்து தொட்டி, மாடு, வாய்க்கால். இதுவரை பன்னிரண்டேகால் அடி. தெற்குப் பக்கம் ஐந்தே முக்கால் அடி மீதி. மாடு திரும்பவும் ஆள் கறக்கவும் தாராளமான இடம். நீளம் 30 அடி என்பதால் 7 மாடு நிற்கும் என்று கணக்கு வருகிறது.

வாசல் சொன்ன பாடம்

ஏழு துண்டுகளையும் வரிசையாக வைத்த பிறகு வாசலைப் பார்க்க வேண்டும். வடக்கு மூலையிலிருந்து ஏழாவது அடியில் தொடங்கி பதினொன்றாவது அடியில் முடிகிறது. மாடு நிற்கும் இடமும் ஏறத்தாழ அதுவேதான். கதவைத் திறந்தால் முதல் மாட்டின் விலாவில் இடிக்கும். ஒரு துண்டை எடுத்துவிட்டு, ஆறு மாட்டையும் மேற்கே தள்ளினால் வாசலை ஒட்டி 6 அடி இடம் கிடைக்கும். வாசலில் நுழைந்து வலப்பக்கம் போனால் தீவன நடைபாதை, இடப்பக்கம் போனால் மாட்டின் பின்புற நடை. கொட்டகை இப்போதுதான் வேலை செய்கிறது. 12 என்று பேசியது 6 ஆகியிருக்கிறது. கடன் தொகையும் பசுந்தீவனப் பரப்பும் இந்த எண்ணை வைத்துத்தான் முடிவாக வேண்டும்.

அடுத்து தட்டு வெட்டும் மிஷின். அதை வாசலை ஒட்டிய 6 அடி இடத்தில் வைக்கலாம் என்றுதான் முதலில் தோன்றும். மிஷின் 3 அடி என்றால், அதற்குப் பின்னால் 6 அடி நீளச் சோளத்தட்டைப் பிடித்துத் தள்ளவும் இடம் வேண்டும். ஆக 9 அடி. வாசலுக்கும் மூலைக்கும் இடையே இருப்பதோ 7 அடி. மிஷின் துண்டோடு தட்டையும் ஒரு பட்டையாக வெட்டி ஒட்டினால் இது உடனே தெரியும். மிஷினை மட்டும் வரைபவர்களுக்குத் தெரியாது. எனவே மிஷினுக்கு வெளியே, வாசலுக்கு அருகில் தாழ்வாரம் இறக்குவதே சரி. தூசியும் சத்தமும் வெளியிலேயே நின்றுவிடும். விசைத்தறிக்கு வாங்கிய மின் இணைப்பில் இதை ஓட்டலாமா என்பதை ஒயர் இழுக்கும் முன் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ரப்பர் மேட்டையும் இதே தாளில் சோதிக்கலாம். கடைகளில் பரவலாகக் கிடைப்பது ஆறரை அடிக்கு 4 அடி மேட். ஐந்தரை அடி இடத்தில் போட்டால் ஒரு அடி வாய்க்காலின் மேல் நீட்டிக்கொண்டு அதை மூடிவிடும். வெட்டித் தருவார்களா என்று கேட்ட பிறகே ஆர்டர் கொடுக்க வேண்டும்.

பக்கவாட்டுப் படம் ஒன்று

மேலிருந்து பார்க்கும் படம் சரிவைக் காட்டாது. தறிக் குடோனின் தரை மட்டமாகவே இருக்கும், மாட்டுக்கு அது ஆகாது. அதனால் இரண்டாவது தாளில் வாய்க்காலைப் பக்கவாட்டில் வரைய வேண்டும். நீளத்துக்கு அதே அளவு, ஒரு செ.மீ.க்கு 2 அடி. ஆழத்துக்கு மட்டும் ஒரு மி.மீ.க்கு ஒரு அங்குலம்.

வாய்க்காலுக்கு 60 அடிக்கு ஒரு அடி சரிவு என்று வைத்தால், ஆறு மாட்டின் 24 அடி நீளத்துக்கு சுமார் 5 அங்குலம் இறங்கும். ஒரு முனையில் 2 அங்குல ஆழத்தில் தொடங்கினால் மறுமுனையில் 7 அங்குலம். மாடு பின்னுக்கு வரும்போது கால் இடறும் ஆழம் அது. வெளியேறும் வழியை வாய்க்காலின் நடுவில் வைத்தால் ஒவ்வொரு பக்கமும் 12 அடிதான். ஆழம் நாலரை அங்குலத்தைத் தாண்டாது. அங்கிருந்து தெற்குச் சுவர் வரை, நடையின் குறுக்கே மூடி போட்ட சிறு கால்வாய் இறக்கிவிடலாம். மூடியைக் கழற்ற முடிந்தால்தான் அடைப்பு எடுக்க முடியும். மாடு நிற்கும் இடத்துக்கும் தொட்டியிலிருந்து வாய்க்காலை நோக்கி ஒன்றரை அங்குலச் சரிவு வேண்டும்.

இதெல்லாம் தெற்கே வெளி நிலம் தாழ்ந்திருந்தால்தான் நடக்கும். கொத்தனார் வைத்திருக்கும் மட்டக் குழாயால் உள் தரையையும் வெளி நிலத்தையும் ஒப்பிட்டு, அந்த அளவையும் தாளில் எழுத வேண்டும். வெளி நிலம் மேடாக இருந்தால் வாய்க்காலை வடக்கே வைத்து மொத்த வரிசையையும் திருப்பி அடுக்கிப் பார்க்கலாம். தாளில் அது ஐந்து நிமிட வேலை.

மாடு எழுந்திருக்கும்போது முதலில் பின்பக்கத்தைத் தூக்கி, தலையை முன்னே வீசி எழும். தீவனத் தொட்டியில் மாட்டுப் பக்கச் சுவர் ஒரு அடிக்கு மேல் போனால் தலையை வீச இடமில்லாமல் முழங்கால் தேயும். இதையும் பக்கவாட்டுப் படத்தில் குறித்துக் கொத்தனாரிடம் காட்ட வேண்டும்.

தாள் சொல்லாதவை

வெயில் எவ்வளவு இறங்கும், காற்று போகுமா, தரை வழுக்குமா என்பதைத் தாள் சொல்லாது. நூல் பறக்காமல் இருக்க ஜன்னல்களைக் குறைத்துக் கட்டிய குடோன்கள் உண்டு. சித்திரை மதியம் ஒரு மணி நேரம் உள்ளே உட்கார்ந்து பார்த்தால்தான் அது தெரியும். ஆள் இருக்க முடியாத இடத்தில் கலப்பின மாடு பால் கொடுக்காது. நீளச் சுவர்களை மேல்பாதி வரை திறக்க வேண்டியிருந்தால், அந்தச் செலவையும் மாடு வாங்கும் முன்பே கணக்கில் சேர்க்க வேண்டும்.

படம் முடிந்ததும் அதே அளவுகளைக் குடோன் தரையில் சாக்பீஸால் கோடு போட வேண்டும். வீட்டில் பால் கறப்பவரும் சாணம் அள்ளுபவரும் தட்டுக் கட்டுடனும் தள்ளுவண்டியுடனும் அந்தக் கோடுகளுக்குள் ஒருமுறை நடந்து பார்க்கட்டும். பெரும்பாலும் அந்த வேலை பெண்களுடையது. அவர்கள் ‘இங்கே முட்டுது’ என்று சொல்லும் இடத்தைத் தாளில் திருத்திய பிறகு, கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிட்டு முன்பணம் கொடுக்கலாம்.

கொட்டகை பற்றிக் கேள்வி அனுப்பும் வாசகர்கள், ‘எத்தனை மாடு கட்டலாம்?’ என்று மட்டும் எழுதாமல், இந்த இரண்டு படங்களையும் உள் அளவுகளோடும் வாசலின் திசையோடும் சேர்த்து அனுப்பினால் சரியான பதில் கிடைக்கும்.