கேலரியில் தானாக வந்து குவியும் படங்கள்

2018 ஜனவரியில் அமெரிக்காவின் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழில் இந்தியாவைப் பற்றி ஒரு செய்தி வந்தது. இந்தியர்களின் ஸ்மார்ட்போன்கள் ஏன் இத்தனை சீக்கிரம் நிரம்பித் திணறுகின்றன என்று கூகுள் ஆய்வாளர்கள் துருவிப் பார்த்தார்கள். கிடைத்த விடை: காலை வணக்கப் படங்கள். பூங்கொத்து, சூரிய உதயம், சிரிக்கும் குழந்தை, சாமி படம் என்று விடிந்ததும் வாட்ஸ்அப்பில் பறக்கும் வாழ்த்துகள்தான் போன்களை அடைத்துக்கொண்டிருந்தன. இந்தியாவில் மூன்றில் ஒருவருக்கு அன்றாடம் போனில் இடம் தீர்ந்துபோகிறது, அமெரிக்காவில் பத்தில் ஒருவருக்குத்தான் அந்த நிலை என்ற கணக்கும் அந்தச் செய்தியில் இருந்தது. இப்படிப்பட்ட படங்களைத் தேடிப்பிடித்து அழிக்க உதவும் செயலி ஒன்றை கூகுள் அதற்குச் சற்று முன்புதான், 2017 டிசம்பரில், வெளியிட்டிருந்தது. ஃபைல்ஸ் கோ என்று பிறந்த அந்தச் செயலிதான் இன்று பல ஆண்ட்ராய்டு போன்களில் Files என்ற பெயரில் இருக்கிறது.

இந்தப் படங்களில் பெரும்பாலானவற்றை யாரும் விரும்பிச் சேமிப்பதில்லை. குழுவில் யாரோ ஒருவர் அனுப்புகிறார். திறந்து பார்க்காமலேயே அது நம் போனில் இறங்கிவிடுகிறது. ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப்பை நிறுவியதும் இருக்கும் அமைப்பு இதுதான்: மொபைல் டேட்டாவில் இருந்தால் புகைப்படங்கள் மட்டும் தானாக இறங்கும், வைஃபையில் இணைந்துவிட்டால் புகைப்படம், வீடியோ, ஆடியோ, கோப்பு எல்லாமே இறங்கும். வீட்டில் வைஃபை போட்ட பிறகு போன் வேகமாக நிரம்புவதாகப் பலர் சொல்வதற்குக் காரணம் இதுவே.

எவ்வளவு நிரம்பும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குடும்பக் குழு, தெருக் குழு, பள்ளித் தோழர்கள் குழு, பிள்ளையின் வகுப்புக் குழு என நான்கில் இருக்கும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 40 படங்களும் 5 வீடியோக்களும் வருவதாக வைத்துக்கொள்வோம். வாட்ஸ்அப் சுருக்கி அனுப்பும் படம் ஒன்று சராசரியாக 200 கேபி என்றால், 40 படங்களுக்கு 8 எம்பி. ஆண்டுக்கு 3 ஜிபிக்குச் சற்றுக் குறைவு. வீடியோ ஒன்று 8 எம்பி என்று கொண்டால் ஐந்துக்கு 40 எம்பி. ஆண்டுக்கு 14 ஜிபிக்கும் மேல். 64 ஜிபி போனில் ஆண்ட்ராய்டும் கூடவே வந்த செயலிகளும் தமக்கான பங்கை எடுத்துக்கொண்டபின் இது சின்ன இடமல்ல. எண்ணிக்கையில் படங்களே அதிகம். இடத்தை விழுங்குவது வீடியோ. மணிக்கணக்கில் உட்கார்ந்து காலை வணக்கப் படங்களை ஒவ்வொன்றாக அழித்த பிறகும் போனில் இடம் பெரிதாகக் கிடைக்காமல் போவது இதனால்தான்.

எனவே அழிக்கத் தொடங்குமுன் வரத்தை நிறுத்த வேண்டும். குழாயை மூடாமல் தரையைத் துடைத்துப் பயனில்லை.

வாட்ஸ்அப்பில் வலப்பக்க மேல்மூலையிலுள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு Settings போய், Storage and data என்பதைத் திறந்தால் Media auto-download என்ற தலைப்பு தெரியும். அதன்கீழ் மூன்று வரிகள்: When using mobile data, When connected on Wi-Fi, When roaming. ஒவ்வொன்றையும் தொட்டு உள்ளே இருக்கும் எல்லா டிக்குகளையும் எடுத்துவிட்டு OK கொடுக்க வேண்டும். மொபைல் டேட்டா வரியை மட்டும் மாற்றிவிட்டு வைஃபை வரியை விட்டுவிடுவதுதான் பலரும் செய்யும் பிழை. மூன்றின் கீழும் No media என்று வந்துவிட்டால் வேலை முடிந்தது. அடுத்து வரும் படம் மங்கலாகவும், அதன்மேல் கீழ்நோக்கிய அம்புக்குறியும் அளவும் போட்டதாகவும் தெரியும். தொட்டால்தான் இறங்கும். குரல் செய்திகளுக்கு இந்தத் தடை கிடையாது. அவை எப்போதும் தானாகவே இறங்கும். பேசி அனுப்பும் வழக்கமுள்ள அம்மாவோ தாத்தாவோ இதனால் சிரமப்பட மாட்டார்கள்.

இதே செயலியில் Media visibility என்று இன்னொரு அமைப்பு இருக்கிறது. Settings-இல் Chats என்பதன்கீழ் அது வரும். பெயரைப் பார்த்து, இதை அணைத்தாலே படம் இறங்காது என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் இது படத்தை கேலரியின் கண்ணிலிருந்து மறைக்கிறதே தவிர, இறங்குவதைத் தடுப்பதில்லை. மறைத்த படங்கள் Private என்ற உள் அடைவில் போய் உட்கார்ந்து அதே அளவு இடத்தை எடுத்துக்கொண்டிருக்கும். அணைத்த பிறகு வரும் படங்களுக்குத்தான் இது பொருந்தும். முன்பே கேலரியில் இருப்பவை அப்படியே இருக்கும். ஆனாலும் இதற்கு ஒரு நல்ல பயன் உண்டு. ஒவ்வொரு உரையாடலுக்கும் தனித்தனியாக இதை மாற்றலாம். குழுவின் பெயரைத் தொட்டு, அங்கேயே Media visibility-இல் No கொடுத்தால் அந்தக் குழுவின் படங்கள் மட்டும் கேலரிக்கு வராது. வெளியூரில் படிக்கும் மகள் அனுப்பும் படங்கள் கேலரியில் இருக்கட்டும், தெருக் குழுவின் அறிவிப்புகள் வேண்டாம் என்று பிரித்துக்கொள்ள இதுவே வழி.

இனி ஏற்கெனவே குவிந்ததை அழிப்பது. இங்கேதான் நிதானம் தேவை. ஏனென்றால் ஆண்ட்ராய்டில் கேலரியில் தெரியும் வாட்ஸ்அப் படமும் உரையாடலில் தெரியும் படமும் இரண்டல்ல. இரண்டும் ஒரே கோப்பு. ஆண்ட்ராய்டு 11 முதலான போன்களில் அது இருக்கும் இடம் இது:

```
Android/media/com.whatsapp/WhatsApp/Media/WhatsApp Images
```

கேலரி அந்த அடைவை எட்டிப் பார்த்து WhatsApp Images என்ற ஆல்பமாகக் காட்டுகிறது, அவ்வளவுதான். கேலரியில் அழித்தால் உரையாடலிலும் படம் போய்விடும். மங்கலான சிறு நிழல் மட்டும் மிஞ்சும், தொட்டால் கோப்பு இல்லை என்று செய்தி வரும். "கேலரியில்தானே அழித்தேன், வாட்ஸ்அப்பில் இருக்குமே" என்று நம்பி, இறந்துபோன தந்தையின் கடைசிப் படத்தை இழப்பவர்கள் இப்படித்தான் இழக்கிறார்கள்.

ஆகவே முதல் வேலை, காக்க வேண்டியதைத் தனியே எடுத்து வைப்பது. கேலரியில் அந்த ஆல்பத்தைத் திறந்து, வேண்டிய படங்களைத் தேர்ந்தெடுத்து, வேறொரு ஆல்பத்துக்கு நகலெடுக்கலாம். குடும்பப் படங்களோடு மருத்துவ அறிக்கை, பத்திரத்தின் படம், பிள்ளையின் சான்றிதழ் ஆகியவையும் இந்தக் குவியலில் கிடக்கும். கோப்பின் பெயர் தேட உதவும். IMG-20240115-WA0003.jpg என்று இருந்தால் 2024 ஜனவரி 15-ஆம் தேதிக்குரிய வாட்ஸ்அப் படம் என்று பொருள். WA என்ற அடையாளம் இல்லாதவை பெரும்பாலும் சொந்த கேமராவில் எடுத்தவை. அவற்றைத் தொட வேண்டாம்.

பிறகு அழிப்பதை கேலரியில் செய்யாமல் வாட்ஸ்அப்புக்கு உள்ளிருந்தே செய்வது எளிது. Storage and data-வின் மேல்வரியிலேயே Manage storage இருக்கிறது. திறந்ததும் இரண்டு தொகுப்புகள் கண்ணில் படும். ஒன்று, 5 எம்பிக்கு மேற்பட்ட கோப்புகள். மற்றொன்று, பலமுறை கைமாறி வந்தவை. அதாவது, இரட்டை அம்புக்குறியோடு வரும் செய்திகளில் இருந்தவை. கீழே ஒவ்வொரு உரையாடலும் எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது என்ற பட்டியல், பெரியது மேலாக. முதலில் 5 எம்பிக்கு மேற்பட்டவற்றைத் திறந்து, பார்த்து, வேண்டாத வீடியோக்களை அழித்தால் மேலே போட்ட கணக்கின் பெரும்பங்கு சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். அதன்பின் கைமாறி வந்தவை. அதன்பின் பட்டியலின் உச்சியில் நிற்கும் குழு. காலை வணக்கப் படங்களைக் கடைசிக்கு விட்டாலும் நஷ்டமில்லை.

அழித்த பிறகும் போனில் இடம் கூடவில்லை என்றால் குப்பைத் தொட்டியைப் பார்க்க வேண்டும். கேலரி செயலிகள் பலவும் அழித்த படத்தை உடனே நீக்காமல் ஒரு தொட்டியில் வைத்திருக்கும். சாம்சங் கேலரியில் அது 30 நாள். அந்தத் தொட்டியைக் காலி செய்தால்தான் இடம் விடுபடும். தவறாக அழித்த படத்தை மீட்க வேண்டுமானாலும் முதலில் தேட வேண்டிய இடம் அதுவே.

கூகுள் போட்டோஸ் பயன்படுத்துவோருக்கு ஒரு எச்சரிக்கை. வாட்ஸ்அப் அடைவையும் சேர்த்து பேக்கப் செய்திருந்தால், அந்தச் செயலியில் ஒரு படத்தை அழிக்கும்போது போனிலிருந்து மட்டுமல்ல, கூகுள் கணக்கிலிருந்தும் அது போய்விடும். கணக்கில் பத்திரமாக வைத்துக்கொண்டு போனில் மட்டும் இடம் விட வேண்டும் என்றால் அங்கே Free up space என்ற தனி வசதி இருக்கிறது. காலை வணக்கப் படங்கள் இங்கேயும் செலவு வைக்கும். 2021 ஜூன் முதல் கூகுள் போட்டோஸில் சேரும் படங்கள் கணக்கின் 15 ஜிபி இலவச இடத்திலிருந்தே கழிக்கப்படுகின்றன. ஆண்ட்ராய்டில் எடுக்கும் வாட்ஸ்அப் பேக்கப்பும் 2024 முதல் அதே 15 ஜிபிக்குள் வந்துவிட்டது. ஒரே வீடியோ போனில் ஒருமுறை, போட்டோஸில் ஒருமுறை, பேக்கப்பில் ஒருமுறை என்று மூன்று இடங்களை அடைத்துக்கொண்டு நிற்கலாம். மின்னஞ்சல் பெட்டி நிரம்பிவிட்டது என்று கூகுள் எச்சரிக்கும்போது, பல வீடுகளில் தேட வேண்டிய இடம் மின்னஞ்சல் அல்ல, இந்த இரண்டும்தான்.

ஐபோனில் கதை வேறு. அங்கே வாட்ஸ்அப் தன் படங்களைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்கிறது. Settings-இல் Chats-இன்கீழ் Save to Photos திறந்திருந்தால் அதன் நகல் ஒன்று Photos செயலிக்கும் போகும். எனவே Photos-இல் அழித்தால் நகல்தான் போகும், உரையாடலில் படம் இருக்கும், அது பிடித்திருக்கும் இடமும் இருக்கும். இடத்தை மீட்க Manage storage வழியாகவும் அழிக்க வேண்டும். தானாக இறங்குவதை நிறுத்த, Media auto-download-இல் ஒவ்வொரு வகையையும் தொட்டு Never என்று மாற்ற வேண்டும்.

தானிறக்கத்தை நிறுத்தியவர்கள் பழகிக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. மங்கலாக நிற்கும் படம் வாட்ஸ்அப்பின் சர்வரில் என்றென்றைக்கும் காத்திருக்காது. அங்கே அது தற்காலிகமாகத்தான் வைக்கப்படுகிறது. மாதக்கணக்கில் தொடாமல் விட்டுவிட்டு ஒருநாள் தொட்டால், இறக்க முடியவில்லை, மறுபடி அனுப்பச் சொல்லுங்கள் என்ற பதில் வரலாம். அனுப்பியவரும் அதற்குள் தன் போனைச் சுத்தம் செய்திருந்தால் படம் போனது போனதுதான். கல்யாண வீட்டிலிருந்து வரும் படங்கள், மருத்துவமனையிலிருந்து வரும் அறிக்கை, வங்கிக்கோ பள்ளிக்கோ தேவைப்படும் தாள்கள் ஆகியவற்றை வந்த அன்றே தொட்டு இறக்கி, வேறு ஆல்பத்தில் நகல் எடுத்துவிடுவது நல்லது. மற்றதெல்லாம் மங்கலாகவே கிடக்கட்டும்.