சிவப்பு என்றால் எந்தச் சிவப்பு?

றொசல்லயில் இருக்கும் உங்களிடம் ஒரு கேள்வி. கட்டுநாயக்க ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் அக்கா, தீபாவளிக்கு அம்மாவின் சாரிக்குப் பொருத்தமாகச் சட்டைத் துணி வாங்கி வரப்போகிறார். "சாரி என்ன நிறம்?" என்று போனில் கேட்கிறார். நீங்கள் "சிவப்பு" என்கிறீர்கள். அக்கா தக்காளிச் சிவப்பில் துணி கொண்டு வருகிறார். அம்மாவின் சாரியோ மெரூன்! இரண்டும் சேரவே சேராது.

நீங்கள் சொன்னது பொய்யில்லை. ஆனால் பாதிதான் சொன்னீர்கள். அந்த மீதிப் பாதி என்ன?

அமெரிக்காவில் ஓவியம் கற்பித்த ஆல்பர்ட் மன்செல் என்ற ஆசிரியர் 1905இல் நிறங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். எந்த நிறத்தையும் மூன்று கேள்விகளால் பிடித்துவிடலாம் என்றார். அது சிவப்பா, மஞ்சளா, நீலமா? கடும் நிறமா, வெளிர் நிறமா? பளிச்சென்று இருக்கிறதா, மங்கலாக இருக்கிறதா?

இரண்டாவது கேள்வி புரிய, சாயமான பிளேன் டீயை நினைத்துப் பாருங்கள். சுடுநீர் ஊற்ற ஊற்ற அது வெளிறிக்கொண்டே போகும். நிறம் அதேதான், கடுமைதான் குறைகிறது. விளங்குகிறதா?

இப்போது மெரூனைப் பிடிப்போம். சிவப்பு, கடும் நிறம், பளிச்சென்று இல்லை. மூன்று விடைகளும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கின்றன. ஊரில் பெரியவர்கள் அரக்கு நிறம் என்று சொல்வதும் ஏறக்குறைய இதைத்தான்.

அடுத்தது மஸ்டர்ட், அதாவது கடுகு மஞ்சள். அம்மாவின் டப்பாவில் இருக்கும் கடுகு கறுப்பாயிற்றே என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி! இது முழுக் கடுகின் நிறமல்ல, அரைத்த கடுகின் நிறம். மஞ்சளில் கொஞ்சம் மண்ணிறம் கலந்து மங்கியது.

உங்கள் வர்ணப் பெட்டியை எடுத்து இதைச் செய்து பாருங்கள். மஞ்சளை மங்கலாக்கக் கறுப்பைத் தொட்டால், வியப்பாக, அது பச்சையாகத் திரும்பும். தூரிகை நுனியில் கொஞ்சம் மண்ணிறம் எடுத்துக் கலந்தால்தான் மஸ்டர்ட் வரும்.

டீல்தான் வீட்டில் சண்டை மூட்டும் நிறம். ஒருவர் நீலம் என்பார், இன்னொருவர் பச்சை என்பார். இரண்டு பேரும் சரிதான். நீலமும் பச்சையும் ஏறக்குறைய சம அளவில் சேர்ந்து கடுமையானதுதான் டீல்.

இதை மயில் கழுத்து என்று சொல்லிவிடாதீர்கள். மயில் கழுத்துச் சாரியில் நீளவாட்டு நூல் ஒரு நிறம், குறுக்கு நூல் வேறு நிறம். துணியை மடித்துச் சாய்த்துப் பாருங்கள். ஒரு பக்கம் நீலமும் மறுபக்கம் பச்சையும் மின்னினால் அது மயில் கழுத்து. எப்படிச் சாய்த்தாலும் ஒரே நிறமாக நின்றால் டீல்.

இன்னொரு சங்கதியும் உண்டு. மஞ்சள் பல்பின் ஒளியில் நீலக் கதிர்கள் குறைவு. அதனால் கடைக்குள் டீல் துணி பச்சைப் பக்கம் சாய்ந்து தெரியும். மங்கிய வெளிச்சத்தில் மெரூன் கிட்டத்தட்ட மண்ணிறமாகிவிடும். போனில் படம் எடுத்து அனுப்பினாலும் முழுதாக நம்ப முடியாது. கேமரா தானாகவே நிறத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறது. துணிக்கு அருகில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து எடுங்கள். படத்தில் தாளே மஞ்சளாகத் தெரிந்தால், துணியின் நிறமும் மாறியிருக்கிறது என்று அர்த்தம்.

அக்காவின் தொழிற்சாலையில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? வெளிநாட்டு வியாபாரி ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் எண்ணும் ஒரு துண்டு மாதிரித் துணியும் அனுப்புவார். இங்கே சிறு துண்டுகளுக்குச் சாயமிட்டு, பகல் வெளிச்சம் போன்ற விளக்குள்ள பெட்டிக்குள் அவற்றை மாதிரியோடு ஒட்டி வைத்துப் பார்ப்பார்கள். மஸ்டர்ட் என்ற சொல்லைக் கேட்டதும் உங்கள் மனத்தில் தோன்றும் மஞ்சளும் என் மனத்தில் தோன்றும் மஞ்சளும் கொஞ்சம் வேறாக இருக்கலாம் அல்லவா? அந்தச் சிறு வித்தியாசமும் ஆயிரம் சட்டைகள் தைக்கும் இடத்தில் ஆகாது.

நம் வீட்டுக்கு அவ்வளவு தேவையில்லை. போனில் பேசும்போது "மெரூன், அதிலும் நல்ல கடும் மெரூன்" என்று சொல்லுங்கள். ஹற்றனுக்கு நீங்களே போவதானால் சாரியையே எடுத்துப் போங்கள். கடைக்காரரிடம் கேட்டு, துணியையும் சாரியையும் வாசலுக்குக் கொண்டுவந்து சேர்த்து வைத்துப் பாருங்கள். பனிமூட்டமான நாளாக இருந்தாலும் பரவாயில்லை, அந்தப் பகல் வெளிச்சமே போதும்.