மூன்று முறை கேஸ் நிரப்பிய ஃப்ரிட்ஜ்

ஃப்ரிட்ஜ் வாங்கி ஏழு மாதம்தான் ஆகிறது. ஃப்ரீசரில் ஐஸ் கட்டுகிறது; கீழ்த்தட்டில் வைத்த பால் திரிந்துபோகிறது. சர்வீஸ் ஆள் வந்து கேஸ் நிரப்புகிறார். ஒன்பதாம் மாதமும் பதினொன்றாம் மாதமும் அதே கோளாறு, அதே வைத்தியம். பதின்மூன்றாம் மாதம் போன் செய்தால், "ஒரு வருஷ வாரன்டி முடிஞ்சிருச்சு சார், இனிமே பணம் கட்டணும்" என்கிறார்கள்.

இங்கேதான் பலர் பணம் கட்டிவிடுகிறார்கள். கட்டத் தேவையில்லை. ஃப்ரிட்ஜில் கேஸ், மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறது; எரிந்தோ தேய்ந்தோ அது தீர்வதில்லை. குறைந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசிவை அடைக்காமல் கேஸ் மட்டும் நிரப்பியிருந்தால், வாரன்டிக்குள் சொன்ன குறை இன்னும் தீரவில்லை.

அதை நிரூபிப்பது ஜாப் ஷீட். ஒவ்வொரு முறையும் தேதி, கோளாறு, செய்த வேலை மூன்றையும் எழுதி வாங்குங்கள். 'சரிசெய்யப்பட்டது' என்று மட்டும் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். கத்தியால் ஐஸைச் சுரண்டியதில் குழாய் ஓட்டையாகிவிட்டது என்று கம்பெனி பின்னால் வாதாடலாம். கசிவு எங்கே என்று ஷீட்டில் இருந்தால் அதற்குப் பதில் கிடைக்கும்.

அடுத்து, தயாரிப்பாளருக்கும் விற்ற கடைக்கும் ஸ்பீட் போஸ்டில் ஒரே கடிதம். பில் தேதி, மாடல், சீரியல் எண், மூன்று ஜாப் ஷீட் எண்கள், இவற்றோடு உங்கள் கோரிக்கை: பதினைந்து நாளில் வேறு ஃப்ரிட்ஜ், இல்லையேல் பணம். கோபத்தைக் கொட்ட வேண்டாம், தேதிகளே போதும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதியலாம். ஆனால் அது சமரசம் பேசும் இடம், தீர்ப்பு சொல்லாது.

பதில் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019 சட்டப்படி, கம்பெனியின் தலைமையகம் எங்கிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீலும் கட்டாயமில்லை. கடை, தயாரிப்பாளர் இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். ஒருவர்மேல் ஒருவர் பழிபோட இடமிருக்காது. பில், வாரன்டி அட்டை, ஜாப் ஷீட்டுகள், கடிதத்தின் நகல் ஆகியவற்றோடு பிரமாணப் பத்திரமும் இணைக்க வேண்டும்.

குறை கண்ணுக்குத் தெரியாதது என்று ஆணையம் கருதினால், பொருளைச் சோதனைக்கு அனுப்பும். அப்படி அனுப்பும் வழக்கை ஐந்து மாதத்திலும் மற்றதை மூன்று மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம், நடைமுறையில் இழுத்தடிப்பதுண்டு. வென்றால் பழுதுநீக்கம், மாற்றுப் பொருள், பணம் திரும்பப் பெறுதல் ஆகியவற்றில் ஒன்றும், நஷ்டஈடும் செலவுத்தொகையும் கிடைக்கலாம்.

கெடு இரண்டு ஆண்டு. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து கணக்கு. "அடுத்த வாரம் ஆள் அனுப்புறோம்" என்ற பேச்சை நம்பிக் காத்திருந்தால் அந்தக் கெடு நிற்காது.